நைலானா, ஸ்டீலா? விரல் வலிக்கு உண்மையான காரணம் யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "கிட்டார் வாங்கி மூணு வாரம் ஆச்சு, விரல் நுனி எரியுது. ஸ்டீல் ஸ்ட்ரிங்கைக் கழட்டிட்டு நைலான் மாட்டிடலாமா?" இதுக்கு நேர் எதிரா ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. வீட்டுல கிளாசிக்கல் கிட்டார் இருக்கு, சத்தம் மந்தமா இருக்கு, ஸ்டீல் மாட்டினா பளிச்சுன்னு கேட்குமா? முதல் கேள்விக்கு என் பதில், "அவசரப்படாதீங்க, முதல்ல அளந்து பாருங்க". ரெண்டாவதுக்கு, "தயவுசெஞ்சு வேண்டாம்". ஏன்னு பார்க்கலாம்.

முதல்ல உங்க கையில இருக்கிறது எந்த வகைன்னு தெரியணும். ஸ்ட்ரிங்கைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நைலான் செட்டுல மேல இருக்கிற மூணு தடிச்ச ஸ்ட்ரிங்கும் வெள்ளி நிறத்துல மின்னும். உள்ள நைலான் இழை, அதைச் சுத்தி வெள்ளி முலாம் பூசின செம்புக் கம்பி. அதைப் பார்த்துட்டு "என்னோடது ஸ்டீல்"னு நினைக்கிறவங்க நிறைய. பிரிட்ஜைப் பாருங்க. ஸ்ட்ரிங்கை முடிச்சு போட்டுக் கட்டியிருந்தா நைலானுக்கான கிட்டார். ஆறு குட்டி பின் அடிச்சு இறக்கியிருந்தா பெரும்பாலும் ஸ்டீலுக்கான கிட்டார். கழுத்தோட அகலமும் காட்டிக் கொடுக்கும். கிளாசிக்கல்ல நட் பக்கம் 52 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், ஸ்டீல்ல 43 பக்கம். நட்னா கழுத்தோட மேல் முனையில, ஸ்ட்ரிங் உட்கார்ற பள்ளங்கள் இருக்கே, அந்தச் சின்ன வெள்ளைப் பட்டை. இன்னைக்குக் கதையில பெரிய ரோல் அதுக்குத்தான்.

விரல் ஏன் வலிக்குது

எல்லாரும் சொல்ற பதில், ஸ்டீல் கடினம், நைலான் மென்மை. அதுல உண்மை இருக்கு, ஆனா முழுசா இல்ல.

வலியைத் தீர்மானிக்கிறது மூணு விஷயம். ஸ்ட்ரிங் எவ்வளவு விறைப்பா இழுபட்டிருக்கு, எவ்வளவு தடிமன், ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு உயரத்துல நிக்குது. முதல் ரெண்டும் பாக்கெட் மேலயே போட்டிருக்கும். மூணாவது உங்க கிட்டார்ல இருக்கு. கடையில யாரும் அதைப் பத்திப் பேசறதே இல்ல.

விறைப்புல ஆரம்பிப்போம். அகூஸ்டிக் கிட்டார்ல வழக்கமா வர்ற "12" செட்டை எடுத்துக்கலாம். அதோட முதல் ஸ்ட்ரிங் 0.012 இன்ச், அதாவது 0.30 மில்லிமீட்டர். அதை ட்யூன் பண்ணி வச்சா கிட்டத்தட்ட 10.6 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி இழுபட்டு நிக்கும். நைலான்ல முதல் ஸ்ட்ரிங் 0.71 மில்லிமீட்டர், சுமார் 7 கிலோ. விறைப்பு மூணுல ரெண்டு பங்கு, தடிமன் ரெண்டு மடங்குக்கும் மேல. மெல்லிசான கம்பி சதைக்குள்ள கோடு போடும், தடிச்ச நைலான் அழுத்தத்தைப் பரப்பிடும். ஷாப்பிங் பையோட மெல்லிசு கைப்பிடியையும் துணிப்பையோட பட்டையையும் நினைச்சுப் பாருங்க, அதே கதைதான்.

இப்போ உயரம். ஸ்ட்ரிங்கைக் கீழ அழுத்தத் தேவையான விசையைத் தோராயமா இப்படிக் கணக்குப் போடலாம். பயப்படாதீங்க, இந்த எபிசோடுல ஒரே ஒரு ஃபார்முலாதான்.

```
F = T × h × (1/x + 1/(L − x))
```

T விறைப்பு, h எவ்வளவு கீழ அழுத்தணுமோ அந்தத் தூரம், x நட்ல இருந்து விரல் வரைக்கும், L ஸ்ட்ரிங்கோட மொத்த நீளம். முதல் ஃப்ரெட் நட்ல இருந்து 36 மில்லிமீட்டர்லயே வந்துடும். அங்க x ரொம்பச் சின்னது, அதனால விசை எகிறிடும். ஒரு ஊஞ்சல் கயிறை நடுவுல அழுத்தினா வளையும், கட்டின முனைக்குப் பக்கத்துல அழுத்தினா அசையாது. நம்ம ஆரம்பத்துல கத்துக்கிற சி, டி, ஏ மைனர், அந்தக் கொடுமையான எஃப், எல்லாமே முதல் மூணு ஃப்ரெட்டுக்குள்ளதான் இருக்கு. நட்ல ஸ்ட்ரிங் எவ்வளவு உயரத்துல உட்காருதுங்கிறதுதான் அங்க நேரடியா அடிக்கும்.

ஏடிஎம் கார்டு வச்சு ஒரு சோதனை

எங்க டீம்ல ஒரு தம்பி இருக்கான். இதே பிரச்சனை. "அண்ணா, கடைல நைலான் மாட்டிக்கோன்னு சொல்றாங்க, மாட்டிடவா?"ன்னு கேட்டான். "மாட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் எடுத்துட்டு வா, பார்க்கலாம்"னு சொன்னேன். மதியம் சாப்பிட்டு முடிச்சு ரெண்டு பேரும் மீட்டிங் ரூம்ல உட்கார்ந்தோம்.

அளக்கிறதுக்கு ஸ்பெஷல் கருவி எதுவும் வேண்டாம். ஏடிஎம் கார்டு எல்லாத்துக்கும் ஒரே தடிமன், 0.76 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதுதான் அளவு. எழுத்து புடைச்சு நிக்காத, காலாவதியான கார்டா பார்த்து நாலஞ்சு எடுத்துக்கோங்க. ஸ்டீல் கிட்டார்னா, முதல் ஃப்ரெட் மேல கார்டை வச்சு முதல் ஸ்ட்ரிங்குக்கு அடியில தள்ளுங்க. ஸ்ட்ரிங் கொஞ்சம் தூக்கப்பட்டா நல்ல சேதி, இடைவெளி கார்டை விடக் குறைவுன்னு அர்த்தம். அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்துல இருக்கிறதுதான் சௌகரியம். கார்டு எதையும் தொடாம சர்ர்னு போயிட்டா நட் உயரம். தம்பியோட கிட்டார்ல ஒரு கார்டு, அது மேல ஒரு விசிட்டிங் கார்டு, ரெண்டும் சேர்ந்தே ஈஸியா உள்ள போச்சு. ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்கலாம்.

அந்த நம்பரை ஃபார்முலால போட்டோம். 10.6 கிலோ விறைப்பு, 1 மில்லிமீட்டர் உயரம். முதல் ஃப்ரெட்ல சுமார் 310 கிராம் அழுத்தணும். ஒரே ஒரு ஸ்ட்ரிங்குக்கு. கடைக்காரர் சொன்னபடி நட்டைத் தொடாம நைலான் மட்டும் மாட்டினா? 7 கிலோ, அதே 1 மில்லிமீட்டர், சுமார் 205 கிராம். பரவாயில்லைதான். ஆனா அதே பழைய ஸ்டீல் ஸ்ட்ரிங்கை வச்சுக்கிட்டு நட் உயரத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் ஆக்கினா? 155 கிராம்.

தம்பி திரும்பவும் கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தான். "அப்போ ஸ்ட்ரிங் மேல தப்பே இல்லையாண்ணா?"

தப்பு இருக்கு, ஆனா ரெண்டாவது இடத்துல. சரியான நட் இருக்கிற ஸ்டீல், உயரமான நட் இருக்கிற நைலானை விட லேசா அழுந்தும். அதோட "10" செட்டுக்கு, அதாவது எக்ஸ்ட்ரா லைட்டுக்கு மாறினா முதல் ஸ்ட்ரிங் விறைப்பு 7.4 கிலோ ஆகிடும். கிட்டத்தட்ட நைலானோட விறைப்புதான். விசை 110 கிராமுக்கு வந்துடும். 310ல இருந்து 110. ஸ்டீல்ல இருந்து நகரவே இல்ல.

ஒரு நியாயம் சொல்லிடறேன். இது கம்பியை ஃப்ரெட் வரைக்கும் இறக்கத் தேவையான விசை மட்டும்தான். சத்தம் சுத்தமா வர, ஃப்ரெட்ல இறுக்கிப் பிடிக்க இன்னும் கொஞ்சம் அழுத்தணும். ரெண்டு கிட்டாரும் சரியா செட் ஆகியிருந்தா நைலான்தான் விரலுக்குச் சுகம், அதுல சந்தேகமே இல்ல. 10 செட்டோட முதல் ஸ்ட்ரிங் 0.25 மில்லிமீட்டர்தான், அதே விசையில சதைக்குள்ள ஆழமா இறங்கும். ஆனா கிளாசிக்கல்ல கழுத்து அகலம். சின்னக் கை இருக்கிறவங்களுக்கு விரல் நுனிக்குப் பதிலா மணிக்கட்டும் கட்டைவிரல் அடியும் வலிக்க ஆரம்பிக்கலாம்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்லயும் ஒரு தடவை அளந்துடுங்க. அங்க உயரத்தைத் தீர்மானிக்கிறது பிரிட்ஜ் மேல இருக்கிற சாடிலும் கழுத்தோட வளைவும். ஸ்டீல்னா தடிச்ச ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு அடியில மூணு கார்டு உயரம் சரி. கிளாசிக்கல்னா அஞ்சு கார்டு வரைக்கும் சாதாரணம், ஏன்னா நைலான் அகலமா ஆடும், அதுக்கு இடம் வேணும்.

நட் பள்ளத்தை நீங்களே அரம் வச்சு ராவ வேண்டாம். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனி அளவுல மெல்லிய அரம் இருக்கு, கிட்டார் ரிப்பேர் பண்றவங்ககிட்ட கொடுத்துடுங்க. கொஞ்சம் அதிகமா ராவிட்டா எங்கயும் அழுத்தாம மீட்டும்போதே ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்ல பட்டு "ஸ்ஸ்ஸ்"னு கத்தும், அப்புறம் நட்டையே மாத்தணும். சரியா பண்ணியிருக்காங்களான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. மூணாவது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிச்சுட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல இன்னொரு விரலால தட்டுங்க. ஒரு பேப்பர் அளவு இடைவெளி இருந்து "டிக்"னு சின்னச் சத்தம் வரணும். இடைவெளியே இல்லன்னா அதிகமா இறக்கிட்டாங்க. பளிச்சுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா இன்னும் இறக்கலாம்.

ரிப்பேர் கடைக்குப் போக நேரம் இல்லையா? ஒரு கேப்போ இருந்தா இன்னைக்கே வழி இருக்கு. எல்லா ஸ்ட்ரிங்கையும் ரெண்டு ஃப்ரெட் அளவுக்கு இறக்கி ட்யூன் பண்ணுங்க. ட்யூனர் திரையில தடிச்ச ஸ்ட்ரிங்ல இருந்து `D G C F A D`ன்னு வரணும். விறைப்பு 20 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிடும். அப்புறம் ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டுட்டு வழக்கம்போல வாசிங்க. சுருதி பழையபடியே இருக்கும், உயரமான நட் ஆட்டத்துலயே இருக்காது. தம்பி நட்டைச் சரி பண்ற வரைக்கும் இப்படித்தான் ஓட்டினான்.

சத்தம்

இதுல நான் அதிகம் பேசப் போறதில்ல, காதால கேட்கிறதுதான் நல்லது. எரிக் கிளாப்டனோட 1992 அன்ப்ளக்ட் ஆல்பத்தைப் போடுங்க. "டியர்ஸ் இன் ஹெவன்" நைலான் கிட்டார்ல, "லேலா" ஸ்டீல் கிட்டார்ல வாசிச்சிருப்பார். அதே மேடை, அதே கை. முதல் பாட்டுல ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டையா ஆரம்பிச்சு சீக்கிரம் அடங்கும். ரெண்டாவதுல ஒரு பளபளப்பு, கூடவே ஒரு ரீங்காரம் நீண்டு நிக்கும். நைலான் அதிரும்போது மேல் அதிர்வெண்களைத் தானே சீக்கிரம் விழுங்கிடும், ஸ்டீல் அவ்வளவு விழுங்காது. வித்தியாசத்துல பெரும்பகுதி அதுதான்.

நடைமுறையில என்ன ஆகும்னா, நைலான்ல பிக் வச்சு வேகமா ஸ்ட்ரம் பண்ணா நீங்க யூட்யூப்ல கேட்ட அந்தச் சத்தம் வராது. "நான் சரியா வாசிக்கலையோ"ன்னு தோணும். நண்பர்களோட உட்கார்ந்து பாட்டுக்கு ஸ்ட்ரம் பண்ணணும்னா ஸ்டீல் எடுங்க. விரலால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா மீட்டணும்னா நைலான். வலிக்காகப் பிடிக்காத சத்தத்தை வாங்கிட்டீங்கன்னா கிட்டார் அலமாரி மேல போயிடும், என் நண்பர்கள் ரெண்டு பேர் வீட்டுல அதுதான் நடந்தது.

கழுத்து எவ்வளவு தாங்கும்

இப்போ அந்த "தயவுசெஞ்சு வேண்டாம்" விஷயம். ஆறு ஸ்டீல் ஸ்ட்ரிங்கும் சேர்ந்து இழுக்கிற இழுவை, 12 செட்ல சுமார் 74 கிலோ. 10 செட்ல 60 பக்கம். நைலான் நார்மல் டென்ஷன் செட்ல 40 கிலோவுக்குக் கொஞ்சம் கீழ. ஒரு வளர்ந்த ஆளுக்கும் ஆறாம் கிளாஸ் பையனுக்கும் இருக்கிற வித்தியாசம். கிட்டார் கழுத்தும் பிரிட்ஜும் இதை ஒரு நிமிஷம் இல்ல, ராத்திரி பகலா, வருஷக்கணக்கா தாங்கணும்.

ஸ்டீல் கிட்டாரை அதுக்குன்னே கட்டியிருப்பாங்க. கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புத் தண்டு ஓடும். ஸ்ட்ரிங் ஒரு பக்கம் இழுக்க, இது எதிர்ப்பக்கம் தள்ளிக்கிட்டிருக்கும். பலகைக்கு அடியில எக்ஸ் வடிவத்துல கட்டை ஒட்டியிருப்பாங்க. கிளாசிக்கல்ல பெரும்பாலும் ட்ரஸ் ராடே கிடையாது, பலகை மெல்லிசு, அடியில விசிறி மாதிரி சன்னமான கட்டைகள். நைலானோட சின்ன இழுவைக்கே நல்லா அதிர்ந்து பாடணும்னுதான் அப்படிச் செய்றாங்க. அதுல 74 கிலோவைப் போட்டா முதல் நாள் ஒண்ணும் ஆகாது. சத்தம்கூட சூப்பரா இருக்கும், அதனாலதான் ஏமாந்துடறோம். சில வாரங்கள்ல கழுத்து முன்னாடி வளையும், பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை தொப்பை போடும், பிரிட்ஜோட பின் விளிம்பு பசையை விட்டு எழும்ப ஆரம்பிக்கும். சில்க் அண்ட் ஸ்டீல்னு ஒரு செட் இருக்கு, "இது சாஃப்ட், கிளாசிக்கல்ல மாட்டலாம்"னு சில கடைகள்ல சொல்றாங்க. அதுவும் 50 கிலோவைத் தாண்டும். வேண்டாம்.

ட்ரஸ் ராட் இல்லாம ஸ்டீல் மாட்டியே விற்கிற மலிவான 38 இன்ச் கிட்டார்களும் ஆன்லைன்ல நிறைய கிடைக்குது. வாங்கறதுக்கு முன்னாடி விவரத்துல ட்ரஸ் ராட் இருக்கான்னு தேடுங்க. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா 10 செட்டைத் தாண்டாதீங்க.

ஸ்டீல் கிட்டார்ல நைலான் மாட்டினா கழுத்து உடையாது, அந்தப் பயம் வேண்டாம். பிரச்சனை வேற மாதிரி வரும். 74 கிலோவை எதிர்க்கச் செட் பண்ண ட்ரஸ் ராட் இப்போ 40 கிலோவை எதிர்க்குது, கழுத்து பின்னாடி வளைஞ்சு ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல உரசும். ராடைத் தளர்த்திச் சரி பண்ணலாம். ஆனா நட் பள்ளம் 0.30 கம்பிக்காக வெட்டினது. 0.71 நைலான் அதுக்குள்ள இறங்காம மேல உட்கார்ந்துக்கும். உயரம் கூடும். வலியைக் குறைக்க மாட்டினோம், மறுபடியும் h ஏறிடுச்சு! சாதாரண நைலானை பின்ல மாட்டவும் முடியாது, முனையில குண்டு வச்ச பால் எண்ட் வகை தேடணும். கனமான பலகையை நைலானால அசைக்கவும் முடியாது, சத்தம் பக்கத்து ரூமுக்குக்கூடப் போகாது.

நம்ம சென்னை ஆளுங்களுக்கு ஒண்ணு. கடல் காத்தும் கை வியர்வையும் சேர்ந்தா ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். விரலைச் சறுக்கும்போது சொரசொரன்னு இருந்தா வலியில ஒரு பங்கு அந்தத் துருவோடது, செட்டை மாத்துங்க. வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச துணியால துடைச்சு வச்சா இன்னும் கொஞ்ச நாள் வரும். புது நைலான் மாட்டினவங்க, அது முதல் ஒரு வாரம் நீண்டுக்கிட்டே இருக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுருதி இறங்கும். கிட்டார் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க.

கடைசியா, ஏற்கெனவே கிளாசிக்கல்ல ஸ்டீல் மாட்டிட்டேன்னு வாய்ஸ் நோட் அனுப்பின நேயருக்கு. இன்னைக்கு ராத்திரியே எல்லா ஸ்ட்ரிங்கையும் கொஞ்சம் கொஞ்சமா, ஆறையும் மாத்தி மாத்தித் தளர்த்திடுங்க. அப்புறம் ஒரு ஏ4 பேப்பரோட ஓரத்தை எடுத்து பிரிட்ஜோட பின் விளிம்புக்கு அடியில தள்ளிப் பாருங்க. எங்கயுமே உள்ள போகலன்னா தப்பிச்சீங்க, நைலான் மாட்டி ட்யூன் பண்ணி ரெண்டு நாள் விட்டுட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்ல கார்டு எண்ணுங்க. அஞ்சுக்குள்ள இருந்தா வாசிக்க ஆரம்பிக்கலாம். ஆறு, ஏழுன்னு போச்சுன்னா கழுத்து வளைஞ்சிருக்கு. பேப்பர் உள்ள போச்சுன்னா எந்த ஸ்ட்ரிங்கும் மாட்டாம அப்படியே ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போங்க. பிரிட்ஜை முழுசா எடுத்து மறுபடி ஒட்டிடலாம். அது தானா பிச்சுக்கிட்டு வந்தா பலகையில ஒரு துண்டையும் சேர்த்து எடுத்துட்டு வரும்.